42 வோல்ட்டைத் தொட்ட பிறகு: மின்சைக்கிள் சார்ஜில் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

புதுச்சேரியில் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் மின்சைக்கிள்களில் என் மேசைக்கு அதிகம் வருவது 36 வோல்ட் பேட்டரி பேக்தான். உள்ளே பத்து செல் குழுக்கள் தொடராக இருக்கும், ஒவ்வொரு குழுவிலும் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்கள் நான்கு இணையாக இருக்கும். கொள்ளளவு 10 ஆம்பியர்-மணி. கூட வரும் சார்ஜர் 42 வோல்ட், 2 ஆம்பியர். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு ஜோடியை வைத்துத்தான். 48 வோல்ட் பேக் வைத்திருப்பவர்கள் பத்துக்குப் பதில் பதின்மூன்று குழு, 42-க்குப் பதில் 54.6 என்று மாற்றிக்கொண்டால் போதும்.

"சார்ஜர் சரியில்லை" என்று வரும் புகார்களில் பல, சார்ஜரில் இல்லவே இல்லை. சார்ஜர் தன் வேலையின் முதல் பகுதியிலிருந்து இரண்டாம் பகுதிக்கு எப்போது மாறுகிறது, மாறிய பிறகு கரண்ட் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்ற இரண்டையும் பார்த்தால் கோளாறு எங்கே என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில், நல்ல சார்ஜ் எப்படி இருக்கும்

பேக்குக்குள் உண்மையாக இருக்கும் மின்னழுத்தத்தை E என்று வைத்துக்கொள்வோம். சார்ஜரைக் கழற்றி ஒரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தால் கிடைப்பது அதுதான். சார்ஜர் தன் முனையில் பார்ப்பது V. இரண்டுக்கும் நடுவில் வயர், பிளக், பேக்குக்குள் செல்களைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் பலகை, செல்களின் உள்தடை எல்லாம் சேர்ந்த மொத்தத் தடை R. அப்படியானால் ஓடும் கரண்ட் இவ்வளவுதான்:

I = (V − E) / R

காலியான பேக்கில் E சுமார் 33 வோல்ட், R நல்ல நிலையில் 0.3 ஓம் என்று வைப்போம். எடுத்தவுடனே 42 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் 9-ஐ 0.3-ஆல் வகுக்க வேண்டும், 30 ஆம்பியர். அந்தச் சின்ன சார்ஜரால் அதைக் கொடுக்கவும் முடியாது, செல்களுக்கு அது நல்லதும் இல்லை. அதனால் சார்ஜர் கரண்ட்டை 2 ஆம்பியரில் பிடித்து நிறுத்துகிறது. மின்னழுத்தம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தானாக ஏறிக்கொள்ளும். இதுதான் முதல் பகுதி, கரண்ட் மாறாத பகுதி.

E ஏற ஏற V-யும் ஏறும். V 42-ஐத் தொடும் நேரத்தில் E இன்னும் 42 ஆகியிருக்காது. 2 ஆம்பியர் ஓட 0.3 ஓமில் 0.6 வோல்ட் விழுகிறதே, அதனால் E 41.4-இல் நிற்கும். இந்த இடத்தில் சார்ஜருக்கு இரண்டே வழி. கரண்ட்டை 2-இலேயே வைத்து V-ஐ 42-க்கு மேல் போக விடலாம். அல்லது V-ஐ 42-இல் பிடித்துக்கொண்டு கரண்ட்டை இறங்க விடலாம்.

முதல் வழி ஏன் கூடாது என்றால், 42 என்பது ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த ஆக்சைடு நேர்முனையிலிருந்து லித்தியம் வெளியேறிக்கொண்டே இருப்பதுதான் சார்ஜ் ஆவது. 4.2-க்கு மேலே இழுத்தால் அந்தப் படிகத்தில் இருக்க வேண்டிய லித்தியமும் வெளியே வந்து அமைப்பு ஆட்டம் காணும். எலக்ட்ரோலைட் அந்த முனையின் மேற்பரப்பில் ஆக்சிஜனேற்றம் அடைந்து வாயு உண்டாகும். எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட் ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பியிருக்கும். வேகமாக வந்து சேரும் லித்தியத்துக்கு உள்ளே போக நேரம் கிடைக்காமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். படிந்ததில் ஒரு பகுதி திரும்ப வேலைக்கு வராது. மிச்சம் ஊசி ஊசியாக வளர்ந்து, இரு முனைகளும் தொடாமல் நடுவில் நிற்கும் பிரிப்பானைக் குத்தும் ஆபத்தும் உண்டு.

"செல்லுக்குள் 4.14 தானே இருக்கிறது, வெளியே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த 0.6 வோல்ட்டில் எவ்வளவு வயரில் விழுகிறது, எவ்வளவு செல்லுக்குள் முனைகளின் மேற்பரப்பில் விழுகிறது என்று சார்ஜரால் பிரித்துப் பார்க்க முடியாது. மேற்பரப்பில் விழும் பங்குதான் மேலே சொன்ன சேதத்தைச் செய்கிறது.

சரி, 42-ஐத் தொட்டவுடன் நிறுத்திவிட்டால்? சேதம் இல்லை, ஆனால் பேக் முழுதாக நிரம்பாது. இவ்வளவு மெதுவான சார்ஜரில், நல்ல பேக்கில், ஐந்து ஆறு சதவீதம்தான் குறையும். R அதிகமாக இருந்தால் குறைவதும் அதிகம். அதனால்தான் இரண்டாம் பகுதி: V 42-இல் நிற்கும், E மெல்ல 42-ஐ நெருங்கும், இடைவெளி சுருங்கச் சுருங்க கரண்ட் தானாக இறங்கும். பல சார்ஜர்களில் கரண்ட் பத்தில் ஒரு பங்குக்கு, அதாவது சுமார் 0.2 ஆம்பியருக்கு வரும்போது விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பச்சை விளக்கு என்றால் "சார்ஜ் நின்றுவிட்டது" என்று எல்லா சார்ஜரிலும் பொருள் இல்லை. விலை குறைந்தவற்றில் பல, பச்சை எரிந்த பிறகும் 42 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். பச்சை சொல்வது கரண்ட் குறைந்துவிட்டது என்பதை மட்டும். ஏன் குறைந்தது என்று அது சொல்லாது. கீழே வரும் அறிகுறிகளில் பாதி இந்த ஒரு விஷயத்தால் வரும் குழப்பம்.

அளக்க என்ன வேண்டும்

ஒரு மல்டிமீட்டர், சார்ஜருக்கும் பேக்குக்கும் நடுவில் மாட்டும் ஒரு டிசி வாட் மீட்டர். மல்டிமீட்டரிலேயே கரண்ட் அளப்பவர்கள், அளந்து முடித்ததும் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலிருந்து கழற்றி வோல்ட் துளைக்கு மாற்ற மறக்க வேண்டாம். மறந்துபோய் பேக்கின் இரு முனையில் வைத்தால் அது நேரடி ஷார்ட். பேக் உப்பியிருந்தாலோ, இனிப்பும் நெடியும் கலந்த கரைப்பான் வாசனை வந்தாலோ அளக்கவே வேண்டாம். வெளியில், எரியக்கூடிய பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, அந்த வேலையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அறிகுறி: சார்ஜில் இருக்கும்போது எல்லா விளக்கும் எரிகிறது, கழற்றினதும் குறைகிறது, பச்சை வர நேரம் இழுக்கிறது

கடலோர ஊர்களில் இதுதான் முதல் புகார். மிஷன் வீதிப் பக்கம் சைக்கிள் வாடகைக்கு விடும் ஒரு தம்பி கொண்டுவந்த பேக்கையே எடுத்துக்கொள்வோம். "அண்ணே, பேக்குல நாலு லைட்டும் எரியுதுன்னுதான் கழட்டிக் குடுத்தேன். பீச் ரோடு போறதுக்குள்ள ஒண்ணு கொறஞ்சிடுச்சுன்னு திரும்பக் கொண்டாந்துட்டாங்க. செல்லு போயிடுச்சா?" என்றார். செல் போயிருந்தால் பெரிய செலவு. அதனால் அதைக் கடைசியாகச் சந்தேகிப்பதுதான் முறை.

பாதி சார்ஜில் இருந்த பேக், சும்மா இருந்தபோது 37.0 வோல்ட். சார்ஜரை மாட்டி ஒரு நிமிடம் விட்டேன். கரண்ட் சரியாக 2 ஆம்பியர். ஆனால் சார்ஜர் பக்கத்தில் 39.1 வோல்ட். 2.1 வோல்ட் ஏறியிருக்கிறது; 2-ஆல் வகுத்தால் R 1.05 ஓம். நல்ல பேக்கில் இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

அடுத்து, அந்தத் தடை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சார்ஜ் துளையின் மூடியைக் கழற்றி, பின்பக்கச் சாலிடர் முனைகளில் அளந்தேன். அங்கே 37.6 தான். அப்படியானால் பேக்குக்குள் விழுவது 0.6 வோல்ட், அதாவது 0.3 ஓம், அது நல்ல எண். மீதி 1.5 வோல்ட் பிளக்கிலும் வயரிலும் விழுகிறது. 1.5 வோல்ட், 2 ஆம்பியர்; 3 வாட் சூடு அந்தச் சின்ன பிளக்கில். தொட்டாலே தெரிந்தது. உள்ளே பித்தளைத் தகட்டில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு.

இனி அந்தத் தம்பி கண்டது எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். R 1.05 ஆக இருக்கும்போது, E 39.9-ஐ எட்டியதுமே சார்ஜர் தன் முனையில் 42-ஐப் பார்த்துவிடுகிறது. செல்லுக்கு 3.99 வோல்ட், ஏறத்தாழ 80 சதவீதம். சார்ஜருக்கு வேறு எதுவும் தெரியாது, அதனால் கரண்ட்டை இறக்கத் தொடங்குகிறது. அதே நேரத்தில் பேக்கின் உள்ளே, ஓடும் கரண்ட்டால் 40.5 வோல்ட் இருக்கிறது. பேக்கின் விளக்குகள் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்து எரிபவை, அதனால் நான்கும் எரிகின்றன. கழற்றினால் 39.9. மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால் உள்தடையில் 3 வோல்ட் விழுந்து 36.9. ஒரு விளக்கு அணைவதில் வியப்பே இல்லை.

நேரம் இழுப்பதும் இதே கணக்குத்தான். இந்த பேக்கில் மேல்முனையில் E ஒரு வோல்ட் ஏற ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி உள்ளே போக வேண்டும். அப்படி இருக்கும்போது கரண்ட் 2-இலிருந்து 0.2-க்கு இறங்க எடுக்கும் மணி நேரம், R-ஐ 2.3-ஆல் பெருக்கினால் வருவதுதான். R 0.3 ஆனால் முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. R 1.05 ஆனால் இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். இது தோராயம்தான், E ஏறும் விதம் நேர்கோடு இல்லை. ஆனால் கோளாறைப் பிடிக்க இந்தத் தோராயம் போதும்.

கவனியுங்கள்: பச்சை வரும்வரை காத்திருந்தால் இந்த பேக்கும் நிரம்பிவிடும். கரண்ட் 0.2 ஆகும்போது 1.05 ஓமில் விழுவது 0.2 வோல்ட்தான், E 41.8. கொள்ளளவு எங்கும் போகவில்லை. பிளக்கையும் துளையையும் இரண்டையும் சேர்த்து மாற்றியதும் R 0.35-க்கு வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதை நான் செய்வதில்லை. மேல்பூச்சும் சேர்ந்து போய்விடும், அடுத்த மழைக்காலத்துக்குள் களிம்பு முன்னைவிட வேகமாக ஏறும். புதிய பிளக்கைச் சாலிடர் வைத்த பிறகு வயரின் இணைப்பில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள்.

இதே அளவில் 2.1 வோல்ட்டும் பேக்குக்குள்ளேயே விழுந்திருந்தால் முடிவு வேறு: செல்கள் வயதாகி உள்தடை ஏறிவிட்டன, அல்லது செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையின் வெல்டு விட்டிருக்கிறது.

அறிகுறி: சீக்கிரமே பச்சை, ஆனால் சவாரி பாதியில் முடிகிறது

மேலே சொன்னதோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். தடை ஏறினால் பச்சை தள்ளிப்போகும். பச்சை முன்னதாக வந்தால் இரண்டில் ஒன்று: கொள்ளளவே குறைந்துவிட்டது, அல்லது பிஎம்எஸ் நடுவில் வெட்டுகிறது.

பச்சை எரிந்ததும் சார்ஜரைக் கழற்றி, ஒரு மணி நேரம் கழித்து பேக்கை அளங்கள். 41.6-க்கு மேல் நின்றால் பேக் நிஜமாகவே நிரம்பியிருக்கிறது. அப்போது காலியிலிருந்து எத்தனை ஆம்பியர்-மணி உள்ளே போனது என்று வாட் மீட்டரில் பாருங்கள். 10 போக வேண்டிய இடத்தில் 6 போனால் செல்கள் அவ்வளவுதான். சார்ஜரை மாற்றிப் பயனில்லை.

ஆனால் மீட்டர் 41 அல்லது அதற்கும் கீழே காட்டினால் நிரம்பாமலே பச்சை வந்திருக்கிறது. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று மாறிக்கொண்டே இருக்கிறது

சார்ஜருக்குத் தெரிவது பத்து குழுக்களின் கூட்டுத்தொகை மட்டும். ஒன்பது குழு 4.08-லும் ஒன்று 4.25-லும் இருந்தால் கூட்டுத்தொகை 40.97. சார்ஜர் இன்னும் முதல் பகுதியிலேயே முழு 2 ஆம்பியரை அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த ஒரு குழுவுக்கோ எல்லை தாண்டிவிட்டது. ஒவ்வொரு குழுவையும் தனித்தனியாகப் பார்க்கும் பிஎம்எஸ், 4.25-ஐ ஒட்டிய தன் எல்லையில் சார்ஜ் பாதையைத் துண்டிக்கும். கரண்ட் பூஜ்யம், சார்ஜர் பச்சை காட்டும். கரண்ட் நின்றதும் அந்தக் குழு சற்று இறங்கும், பிஎம்எஸ் பாதையை மறுபடி இணைக்கும், சிவப்பு. அப்புறம் மறுபடி பச்சை.

உறுதி செய்ய, வாட் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருங்கள். சரியான சார்ஜில் கரண்ட் சரிவாக இறங்கும். இங்கே 2-இலிருந்து ஒரே அடியாகப் பூஜ்யத்துக்கு விழும். அதைப் பார்த்த பிறகு வேறு சாட்சி தேவையில்லை. பேக்கைத் திறக்கத் தெரிந்தவர் என்றால் பிஎம்எஸ்ஸின் சமன்செய்யும் வயர்களில் பத்து குழுக்களையும் அளந்து எழுதிக்கொள்ளலாம்.

உயர்ந்து நிற்கும் குழு நல்லதா கெட்டதா என்பதுதான் அடுத்த கேள்வி. பேக்கை ஓட்டிக் காலியாக்கி மறுபடி அளங்கள். முதலில் நிரம்பிய அதே குழுவே முதலில் காலியானால் அதன் கொள்ளளவு குறைந்துவிட்டது. அந்தக் குழுவை மாற்றத்தான் வேண்டும். முதலில் நிரம்பியது கடைசியில் காலியானால் அது நல்ல குழுதான், மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் மேலே தள்ளி நிற்கிறது. இது சரி செய்யக்கூடியது.

சரி செய்வதும் இரண்டாம் பகுதியில்தான் நடக்கும். சாதாரண பிஎம்எஸ் 4.2-ஐ நெருங்கிய குழுவிலிருந்து ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகச் சில பத்து மில்லி ஆம்பியரை வெளியே எரித்துவிடும். குழுக்கள் 1 ஆம்பியர்-மணி விலகியிருந்தால், 50 மில்லி ஆம்பியரில் அதைச் சமன் செய்ய 20 மணி நேரம். பேக் சார்ஜரில் இருந்து, மேல்முனையில் நிற்கும் நேரம் மட்டும்தான் இதில் சேரும். நான்கு விளக்கு எரிந்ததும் தினமும் கழற்றும் பேக்குகளில் சமன்செய்தல் நடக்கவே வாய்ப்பில்லை; வாடகைக் கடைப் பேக்குகள் இப்படித்தான் மெல்ல மெல்ல விலகிப் போகின்றன. ஆள் இருக்கும் பகல் நேரத்தில், நாலைந்து நாள் தொடர்ந்து பச்சைக்குப் பிறகும் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். விலகல் குறையாவிட்டால் குறைந்த மின்னழுத்தத்தில் நிற்கும் குழுக்களைத் தனித்தனியாக 4.2 வோல்ட் சார்ஜரால் ஏற்றுவது ஒன்றே வழி. ஆளில்லாத இரவில் இதைச் செய்ய வேண்டாம்.

அறிகுறி: 42-இல் நிற்கிறது, கரண்ட் இறங்கி ஓரிடத்தில் உறைந்துவிடுகிறது

V 42, கரண்ட் 0.4-க்கு வந்து மணிக்கணக்கில் அங்கேயே நிற்கிறது, பச்சை வரவே இல்லை. உள்ளே போகும் கரண்ட் எங்கோ செலவாகிறது. முதலில் சைக்கிளின் சாவி போட்டபடி இருக்கிறதா, முன்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் பேக்கைத் தனியே கழற்றிச் சார்ஜ் போடுங்கள். அப்போதும் அப்படியே இருந்து, பேக்கின் ஓர் இடம் மட்டும் இளஞ்சூடாக இருந்தால், ஒரு குழுவில் உள்கசிவு இருக்கிறது. உடனே நிறுத்துங்கள். அந்தக் குழுவில் கசியும் கரண்ட் அங்கேயே சூடாகத்தான் மாறுகிறது.

கத்திரி வெயில் காலத்தில் தகரக் கொட்டகையில் சார்ஜ் போடுபவர்களுக்கு: இந்த வகைச் செல்களைச் சார்ஜ் செய்ய வழக்கமான மேல் எல்லை 45 டிகிரி. கடையிலேயே 40 இருந்தால் மிச்சம் 5 தான்.

அறிகுறி: சார்ஜரில் எதுவும் நடக்கவில்லை

பேக் 28 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பிஎம்எஸ் பூட்டியிருக்கலாம். எந்தக் குழுவாவது 2 வோல்ட்டுக்குக் கீழே பல நாள் கிடந்திருந்தால் அதை எழுப்ப முயல வேண்டாம். உள்ளே தாமிரத் தகடு கரைந்திருக்கலாம், சார்ஜ் ஏற்றும்போது அது தவறான இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம்.

சார்ஜரையே சந்தேகித்தால்

பேக் இல்லாமல் அளங்கள். 41.6 முதல் 42.4 வரை காட்டினால் மின்னழுத்தம் சரி. 42.4-க்கு மேல் என்றால் பேக்கில் மாட்டவே வேண்டாம். 41 காட்டினால் ஆபத்து இல்லை; செல்லுக்கு 4.1, பத்து சதவீதம் போலக் குறைவாக நிரம்பும், ஆனால் பேக் கூடுதல் நாள் உழைக்கும். தூரம் குறைந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு நானே அப்படி ஒன்றைத்தான் சிபாரிசு செய்வேன். ஒரே குறை, 4.2-ஐ ஒட்டியே சமன் செய்யும் பிஎம்எஸ் அதில் வேலை செய்யாது. மாதம் ஒருமுறை 42-க்கு ஏற்ற வேண்டும்.

சும்மா இருக்கும்போது 42 காட்டி, பேக்கை மாட்டினதும் கரண்ட் 2-க்குப் பதில் 0.8, 1.2 என்று ஆடினால் சார்ஜருக்குள் கெப்பாசிட்டர் உலர்ந்திருக்கும். முதல் பகுதியில் கரண்ட் ஆடக்கூடாது, அவ்வளவுதான் சோதனை.

கடைசியாக, லேபிளைப் படியுங்கள். 36 வோல்ட் என்று மேலே எழுதிய சார்ஜர்களில் மூன்று வகை சந்தையில் இருக்கிறது, பிளக் மூன்றுக்கும் ஒரே மாதிரி இருக்கலாம். ஈய அமில பேட்டரிக்கானது 43.2 முதல் 44.4 வரை போகும். பன்னிரண்டு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேக்குக்கானது 43.8-இல் நிற்கும். நம் பேக்கில் இவற்றைப் போட்டால் செல்லுக்கு 4.3, 4.4 வோல்ட், நடுவில் நிற்பது பிஎம்எஸ் மட்டும். அது வெட்டுவதால் பச்சை எரியும், பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலத் தெரியும். வாட் மீட்டரில் இங்கேயும் கரண்ட் சரிந்து இறங்காமல் ஒரே அடியாக விழும். பச்சை, சிவப்பு மாறி மாறி வரும் பேக்கைத் திறப்பதற்கு முன்னால், சார்ஜரின் லேபிளில் "OUTPUT" என்ற வரிக்கு எதிரே 42 இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.